சி.எஃப்.ஏ. முதல் நிலை: கடைசி இரண்டு மாத ரிவிஷன் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகள்

நான் சென்னையில் ஃபண்டு அக்கவுண்டிங் வேலையில் இருக்கிறேன். முதலீட்டுத் துறைக்கான சி.எஃப்.ஏ. முதல் நிலைத் தேர்வை ஒருமுறை எழுதினேன், தேறவில்லை. இப்போது இரண்டாம் முறைக்குத் தயாராகிறேன். அறுபது நாள் திட்டம் போட்டு, அதில் ஆறாவது வாரம் நடக்கிறது. அலுவலகத்தில் இதே தேர்வுக்குப் படிக்கும் சிலர் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பாடம் எல்லாம் ஒரு தடவை படித்து முடித்துவிட்டேன். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மறுபடியும் முதலிலிருந்து படிக்கட்டுமா?

வேண்டாம். போன தடவை நான் அதைத்தான் செய்தேன். பத்துப் பாடங்களையும் மஞ்சள் கோடு போட்டபடி இரண்டாம் முறை படித்தேன். படிக்கும்போது எல்லாமே தெரிந்த மாதிரி இருந்தது. அப்படித் தோன்றியதற்குக் காரணம், அந்தப் பக்கத்தை ஏற்கெனவே பார்த்திருந்ததுதான். கேள்வியாக வந்தபோது இரண்டு விடைகளுக்கு நடுவே நின்றுவிட்டேன்.

இந்த முறை முதல் ஞாயிற்றுக்கிழமையே, எதையும் புரட்டிப் பார்க்காமல், தொண்ணூறு கேள்விகள் கொண்ட அரை மாக் டெஸ்ட் ஒன்றை எழுதினேன். 52 சரி, 38 தவறு. அந்த 38-ஐயும் ஒவ்வொன்றாக எடுத்து ஏன் தவறியது என்று பிரித்தேன். பாடமே தெரியாமல் தவறியவை 11. தெரிந்த இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொண்டவை 14. கேள்வியைச் சரியாக வாசிக்காதவை 8. கால்குலேட்டரில் தப்பாகத் தட்டியவை 5.

அதாவது, புத்தகத்தைத் திறந்து திரும்பப் படித்தால் சரியாகக்கூடியவை பதினொன்றுதான். மீதி 27-க்கும் வேறு வைத்தியம் வேண்டும். என் இரண்டு மாதத் திட்டம் முழுக்க இந்தக் கணக்கிலிருந்துதான் வந்தது. உங்களுக்கு எண்கள் வேறாக வரும். ஆனால் அந்த அரை டெஸ்டை எழுதுவதற்கு முன் அட்டவணை போடாதீர்கள்.

பரீட்சை எப்படி இருக்கும்? மைனஸ் மார்க் உண்டா?

மொத்தம் 180 கேள்விகள், இரண்டு பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலும் 90 கேள்விகள், 135 நிமிடம். கேள்விக்குச் சராசரியாக 90 வினாடி. எல்லாமே கம்ப்யூட்டரில்தான். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடைகள் தருவார்கள், ஒன்று சரி. தவறுக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் விடாமல் எழுத வேண்டும். முதல் பகுதியை முடித்துவிட்டால் அதற்குத் திரும்பிப் போக முடியாது. ஃபார்முலாத் தாள் எதுவும் தர மாட்டார்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படிக்க முடிகிறது? மாதக் கடைசியில் என்ன செய்வீர்கள்?

எனக்கு வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் கிடைக்கிறது. வார நாட்களில் காலை ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை, சனி ஞாயிறில் மீதி. மாலையில் வீடு திரும்பிய பிறகு படிக்கலாம் என்று அட்டவணையில் எழுதியிருந்தேன். இரண்டே வாரத்தில் அதை அடித்துவிட்டேன். ஒன்பது மணிக்கு மேல் போட்ட கணக்குகளில் வந்த தவறுகளைப் பார்த்தால் பாதிக்கு மேல் வாசிப்புப் பிழைகள். களைப்பில் செய்த பயிற்சி, தவறுகளை எழுதி வைக்கும் நோட்டில் பொய்யான தகவலைச் சேர்க்கிறது. பாடம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுநாள் அதையே திரும்பப் படித்து நேரம் போகும்.

எங்கள் பிரிவில் மாதம் முடிந்த பிறகு வரும் முதல் ஐந்து வேலை நாட்கள் முழுக்கப் போய்விடும். ஃபண்டின் நிகர மதிப்பான என்.ஏ.வி.யை முடித்துக் கொடுக்காமல் யாரும் நகர முடியாது. அறுபது நாளில் இப்படி இரண்டு முறை வரும், ஆகப் பத்து நாள். போன தடவை அந்தப் பத்து நாளிலும் வழக்கம்போல் படிப்பேன் என்று எழுதி வைத்தேன். ஒவ்வொரு நாளும் பின்தங்கி, ஆறாம் நாள் ஒரு மலையே சேர்ந்திருந்தது. இந்தத் தடவை அந்த நாட்களுக்குக் காலை இருபது நிமிடம்தான். பத்து எத்திக்ஸ் கேள்விகள், அவ்வளவே. இப்படி இழக்கும் நாட்களை முதலிலேயே கழித்துவிட்டுத்தான் மீதியைப் பங்கு போட்டேன். மொத்தம் 115 மணி நேரம் வருகிறது. காகிதத்தில் 150 என்று எழுதிப் பார்ப்பது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் என்னிடம் இருப்பது 115தான்.

எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது? எனக்கு டெரிவேட்டிவ்ஸ்தான் ரொம்ப மோசம்.

மோசமான பாடத்தை முதலில் எடுக்கத் தோன்றும். அதற்கு முன், அந்தப் பாடத்தில் எத்தனை கேள்விகளை இழக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். சதவீதத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

மொத்தக் கேள்விகளில் எத்திக்ஸுக்கு 15 முதல் 20 சதவீதம். ஃபைனான்ஷியல் ஸ்டேட்மென்ட் அனாலிசிஸ், ஈக்விட்டி, ஃபிக்ஸட் இன்கம் மூன்றுக்கும் தலா 11 முதல் 14. போர்ட்ஃபோலியோ 8 முதல் 12. டெரிவேட்டிவ்ஸுக்கு 5 முதல் 8 மட்டுமே. மற்றவை இதற்கு நடுவில் வரும்.

என் அரை டெஸ்டில் டெரிவேட்டிவ்ஸில் நூற்றுக்கு நாற்பதுதான். ஸ்டேட்மென்ட் அனாலிசிஸில் 55. பார்த்தவுடன் டெரிவேட்டிவ்ஸ்தான் கவலையாக இருந்தது. ஆனால் 180 கேள்விகளில் டெரிவேட்டிவ்ஸிலிருந்து சுமார் பன்னிரண்டு வரும், நாற்பது சதவீதம் என்றால் ஏழு போகும். ஸ்டேட்மென்ட் அனாலிசிஸில் சுமார் இருபத்துமூன்று வரும், அதில் பத்துப் போகும். அதோடு, ஸ்டேட்மென்ட் பாடத்தில் என் தவறுகள் பெரும்பாலும் குழப்பத்தால் வந்தவை, பாடம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. டெரிவேட்டிவ்ஸில் அடிப்படையே ஆட்டம் கண்டிருந்தது.

அதனால் முதல் இரண்டு வாரமும் ஸ்டேட்மென்ட் அனாலிசிஸ். மூன்றாவது வாரம் ஃபிக்ஸட் இன்கம். நான்காவது வாரம் ஈக்விட்டியும் கார்ப்பரேட் இஷ்யூயர்ஸும். ஐந்தாவது வாரத்தில் போர்ட்ஃபோலியோவையும் குவாண்ட்டையும் வார நாட்களில் முடித்து, டெரிவேட்டிவ்ஸ், ஆல்டர்னேட்டிவ்ஸ், எக்கனாமிக்ஸ் மூன்றையும் சனி ஞாயிறில் கேள்வி வழியாக மட்டும் பார்த்தேன். ஆறாவது வாரத்திலிருந்து மாக் டெஸ்ட். எத்திக்ஸுக்கு என்று தனி வாரம் இல்லை, அது தினமும் உண்டு.

தவறு நோட்டு என்கிறீர்களே, அதில் என்ன எழுதுவது? கேள்வியையே எழுதி வைக்க வேண்டுமா?

கேள்வியை எழுதினால் நோட்டு ஒரே வாரத்தில் நிரம்பிவிடும், பிறகு யாரும் திரும்பப் பார்க்க மாட்டார்கள். நான் ஒரு தவறுக்கு மூன்று விஷயங்கள் மட்டும் எழுதுகிறேன். நான் தேர்ந்தெடுத்த விடை எந்த வழியில் வந்தது, சரியான விடை எந்த வழியில் வருகிறது, அடுத்த முறை எதைப் பார்த்தவுடன் நிற்க வேண்டும்.

முதல் விஷயம்தான் முக்கியம். இந்தத் தேர்வின் தவறான விடைகள் கண்டபடி போட்ட எண்கள் இல்லை. நாம் வழக்கமாகச் செய்யும் பிழையைச் செய்தால் வரும் எண்ணையே விடையாக வைத்திருப்பார்கள். ஒரு கணக்கைப் பாருங்கள்.

ஐந்து வருடப் பாண்டு. முகமதிப்பு 100. கூப்பன் 6 சதவீதம், வருடத்துக்கு ஒருமுறை. சந்தையில் எதிர்பார்க்கும் ஈல்டு 8 சதவீதம். விலை என்ன? விடைகள் 91.89, 92.01, 93.93.

பி.ஏ. டூ பிளஸ் கால்குலேட்டரில் இப்படிப் போடுவோம்:

```
2nd CLR TVM
5   N
8   I/Y
6   PMT
100 FV
CPT PV   → -92.01
```

மைனஸ், நாம் கொடுக்கும் பணம் என்பதைக் காட்டுகிறது. விடை 92.01.

அப்படியானால் மற்ற இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன? கூப்பன் அரையாண்டுக்கு ஒருமுறை என்று நினைத்துக்கொண்டு, N-க்குப் பத்து, I/Y-க்கு நான்கு, PMT-க்கு மூன்று போட்டால் 91.89 வரும். புத்தகத்தில் அரையாண்டுக் கூப்பன் கணக்குகளை நிறையப் போட்டுப் பழகியவர்களுக்கு இது கை தானாகச் செய்யும் வேலை. 93.93 வருவது கால்குலேட்டர் BGN நிலையில் இருந்தால். அதாவது ஒவ்வொரு கூப்பனும் வருட முடிவில் வராமல் தொடக்கத்திலேயே வருவதாக அது கணக்கிடுகிறது. சற்று முன் ஆனுவிட்டி டியூ கணக்கு ஒன்றைப் போட்டுவிட்டு நிலையை மாற்ற மறந்திருப்போம். CLR TVM அழுத்தினால் எண்கள் அழியும், BGN அப்படியே நிற்கும். இதை நான் மூன்று தடவை தவறிய பிறகுதான் கவனித்தேன்.

கெடுதல் என்னவென்றால், 93.93 திரையில் வந்து, அதுவே விடைகளிலும் இருக்கும்போது மனம் நிம்மதியாகிவிடும். சரிபார்க்கத் தோன்றாது. என் நோட்டில் இதற்கு இருப்பது ஒரே வரி: "பாண்டு விலை, BGN-இல் போட்டேன். நிற்க வேண்டிய இடம்: திரையின் மேல் ஓரத்தில் BGN என்ற எழுத்து." அரையாண்டுப் பிழைக்கு இன்னொரு வரி: "கூப்பன் வருடத்துக்கு எத்தனை முறை என்ற சொல்லை N தட்டும் முன் தேடு."

பக்கத்து ஓரத்தில் ஓர் எழுத்து போடுகிறேன். தெரியாததற்கு "தெ", குழப்பத்துக்கு "கு", வாசிப்புப் பிழைக்கு "வா", கால்குலேட்டருக்கு "கா". சரியாக அமைந்தும் நிச்சயமில்லாமல் போட்டதற்கு "ஊ", ஊகம் என்று அர்த்தம். ஊகத்தை நோட்டில் ஏற்றாமல் விடாதீர்கள். என் முதல் அரை டெஸ்டில் சரியான 52-இல் ஒன்பது ஊகம். அடுத்த தடவை அந்த ஒன்பதும் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது.

சனிக்கிழமை காலையில் அந்த வாரத்து எழுத்துகளை எண்ணுவேன். "தெ" அதிகமானால் அந்தப் பகுதியை மட்டும் புத்தகத்தில் படிப்பேன். "கு" அதிகமானால் இரண்டையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே எழுதுவேன். "வா" அதிகமானால் கேள்வியின் கடைசி வரியை முதலில் வாசித்துப் பழகுவேன். "பொருந்தாதது எது" என்று கேட்டிருப்பதைத் தவறவிடுவது அப்போது குறைகிறது.

ஸ்டேட்மென்ட் அனாலிசிஸில் எல்லாம் ஒன்றோடொன்று குழம்புகிறது. லைஃபோ, ஃபைஃபோ எது எதைக் கூட்டும், எது குறைக்கும் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தும் மறந்துபோகிறது.

பட்டியலை விட்டுவிடுங்கள். சின்னதாக ஒரு கடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் அதைச் சுத்தத் தாளில் இருபது வினாடியில் எழுதிவிடலாம்.

கடைக்காரர் முதலில் பத்துப் பொருள்களைத் தலா 100 ரூபாய்க்கு வாங்கினார். பிறகு விலை ஏறியது, இன்னும் பத்தை 120-க்கு வாங்கினார். வருடத்தில் பத்துப் பொருள்களைத் தலா 150-க்கு விற்றார். விற்பனை 1,500.

ஃபைஃபோ என்றால் முதலில் வாங்கியது முதலில் போகிறது. விற்ற பொருளின் அடக்கம் 1,000, மொத்த லாபம் 500. கையில் மிச்சமிருக்கும் சரக்கு 1,200. லைஃபோ என்றால் கடைசியில் வாங்கியது முதலில் போகிறது. அடக்கம் 1,200, லாபம் 300, மிச்சச் சரக்கு 1,000.

இப்போது வரியைச் சேருங்கள். 30 சதவீதம் என்றால் ஃபைஃபோவில் வரி 150, லைஃபோவில் 90. சரக்குக்குக் கொடுத்த பணமும் விற்று வந்த பணமும் இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே லைஃபோவில் கையில் 60 ரூபாய் அதிகம் நிற்கிறது. லாபம் குறைவு, பணம் அதிகம். நான் திரும்பத் திரும்பத் தவறியது இந்த இடத்தில்தான். லாபம் குறைந்தால் பணப்புழக்கமும் குறையும் என்று மனம் தானாக முடிவு கட்டியது.

இந்த ஒரு கடையிலிருந்து மற்றதெல்லாம் வரும். கரன்ட் ரேஷியோ எதில் பெரிது என்று கேட்டால், சரக்கு 1,200 உள்ள ஃபைஃபோவில் என்று பார்த்தே சொல்லலாம். இன்வென்டரி டர்ன்ஓவர் எதில் வேகம் என்றால், அடக்கம் பெரிதாகவும் சரக்கு சிறிதாகவும் உள்ள லைஃபோவில். விலை இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டால் 120-ஐயும் 100-ஐயும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், எல்லாம் தலைகீழாகும். ஒரு விஷயத்தை மட்டும் நினைவில்தான் வைத்திருக்க வேண்டும்: ஐ.எஃப்.ஆர்.எஸ். என்ற சர்வதேசக் கணக்கு முறையில் லைஃபோவுக்கு அனுமதி இல்லை, அமெரிக்கக் கணக்கு முறையில் உண்டு.

செலவை மூலதனமாக்குவதா, அந்த வருடமே கழிப்பதா என்ற பகுதிக்கும் இதே மாதிரி ஒரு சின்ன நிறுவனத்தை எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பாடத்துக்கு என்னிடம் இருக்கும் சுருக்கக் குறிப்பு இந்த இரண்டு கதைகள்தான்.

அக்கா, எத்திக்ஸ் படித்த சூட்டோடு எழுதினால்தான் நல்லது, கடைசி வாரத்தில் படித்தால் போதும் என்கிறார்களே?

கடைசி வாரம் அதன் விதிமுறைகளை ஒருமுறை வாசிப்பது நல்லதுதான். ஆனால் அது மட்டும் போதாது தம்பி. 27 முதல் 36 கேள்விகள் வருகிற பாடம். எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தும் தவறும் பாடமும் அதுதான். நல்ல மனிதர் என்ன செய்வார் என்று யோசித்து விடை போட்டால் தவறும். அந்த விதி இந்தச் சூழ்நிலையில் எந்தச் செயலைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும்.

என் நோட்டில் அதிகம் வந்த குழப்பத்தையே சொல்கிறேன். ஒரு ஃபண்டு மேனேஜருக்கு அவருடைய வாடிக்கையாளர் ஊட்டியில் இருக்கும் தன் பங்களாவில் ஒரு வாரம் தங்க இடம் தருகிறார்.

முதல் வடிவம்: "போன வருடம் என் பணத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள், அதற்காக." இது முடிந்துபோன வேலைக்கான பரிசு. இன்டிபென்டன்ஸ் அண்ட் ஆப்ஜெக்டிவிட்டி என்ற விதியின் கீழ் வருகிறது. மேனேஜர் தன் நிறுவனத்திடம் தெரிவித்துவிட்டு ஏற்கலாம்.

இரண்டாம் வடிவம்: "வருகிற வருடம் 15 சதவீதத்துக்கு மேல் லாபம் காட்டினால் தங்கலாம்." பங்களா அதேதான், வாடிக்கையாளரும் அவரேதான். ஆனால் இப்போது அது இனி செய்யப்போகும் வேலைக்கான கூடுதல் ஊதியம். இந்த ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் தனிக் கவனம் செலுத்த ஆசை வரும், அதனால் நிறுவனத்தின் நலனுக்கு இடையூறு. அடிஷனல் காம்பன்சேஷன் அரேஞ்ச்மென்ட்ஸ் என்ற விதி வந்துவிடுகிறது. தெரிவித்தால் மட்டும் போதாது, சம்பந்தப்பட்ட எல்லோரிடமிருந்தும் முன்கூட்டியே எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும்.

மூன்றாம் வடிவம்: பங்களாவைத் தருவது வாடிக்கையாளர் இல்லை, நீங்கள் ஆய்வு அறிக்கை எழுதப்போகும் கம்பெனி. அதை மறுத்துவிட வேண்டும்.

விடைகளில் "தெரிவித்தால் போதும்", "எழுத்துபூர்வ சம்மதம் பெற வேண்டும்", "ஏற்கவே கூடாது" என்று மூன்றும் வரிசையாக நிற்கும். கேள்வியின் நீளமான கதையில் "போன வருடம்", "வருகிற வருடம்" என்ற ஒரே சொல்தான் வித்தியாசம். இதைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் ஒரு வாரத்தில் வராது. எனக்குத் தினம் பத்துக் கேள்விகள் என்று போட்டு, நான்காவது வாரத்தில்தான் கை நிதானத்துக்கு வந்தது. சரியாக அமைந்த கேள்விக்கும் விளக்கத்தை வாசிக்கிறேன், ஏனென்றால் தப்பான விதியை நினைத்துக்கொண்டு சரியான விடையைத் தொட்டிருப்பேன்.

ஃபார்முலாக்கள்?

எழுதி மனப்பாடம் செய்ய நான் நேரம் ஒதுக்கவில்லை. கேள்வி போடும்போது எது நினைவுக்கு வரவில்லையோ அதை மட்டும் ஒரு காகிதத்தில் சேர்ப்பேன். இப்போது முன்னும் பின்னுமாக ஒரே தாள் இருக்கிறது. பஸ்ஸில் அதைப் பார்க்காமல் சொல்லிப் பார்க்கிறேன். கேள்விகள் வார்த்தையில்தான் அதிகம் வருகின்றன. டியூரேஷன் அதிகமானால் வட்டி ஏறும்போது விலைக்கு என்ன ஆகும் என்று கேட்பதற்கு ஃபார்முலாவை நிரப்பத் தேவையில்லை, அது என்ன சொல்கிறது என்று தெரிந்தால் போதும்.

மாக் டெஸ்ட் எத்தனை எழுத வேண்டும்? எத்தனை சதவீதம் வந்தால் பாஸ் என்று நம்பலாம்?

நான் முழு மாக் மூன்றுதான் வைத்திருக்கிறேன், ஆறு, ஏழு, எட்டாம் வாரத் தொடக்கத்து ஞாயிறுகளில். சிலர் எட்டு, பத்து எழுதுகிறார்கள். அவர்களுக்கு நேரம் இருக்கலாம். ஒரு மாக்கை எழுத நாலரை மணி நேரம் என்றால், அதை அலச எனக்கு ஏழு மணி நேரம் பிடிக்கிறது. வார நாட்களின் காலைகள் முழுக்க அதற்கே போகின்றன. அலசாத மாக் ஓர் எண்ணைத் தருகிறது, அவ்வளவுதான். மூன்றில் ஒன்று தேர்வை நடத்தும் சி.எஃப்.ஏ. இன்ஸ்டிட்யூட்டே தரும் மாக்காக இருக்கட்டும், கேள்வியின் நடை அங்கேதான் அசலாக இருக்கும்.

எத்தனை சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி என்று இன்ஸ்டிட்யூட் முன்கூட்டி அறிவிப்பதில்லை. நான் எனக்கு 70 என்று கோடு போட்டிருக்கிறேன். போன ஞாயிறு முதல் மாக்கில் 180-க்கு 119, அதாவது 66 சதவீதம். ஊகங்களைக் கழித்தால் 58. எனக்கு 58-தான் உண்மையான எண். 66-க்கும் 58-க்கும் நடுவே இருக்கும் இடைவெளி அடுத்த மாக்கில் சுருங்க வேண்டும் என்பதே இந்த வாரத்து வேலை. மொத்த மார்க் ஏறாமல் இந்த இடைவெளி மட்டும் சுருங்கினாலும் அதை முன்னேற்றம் என்றே எடுத்துக்கொள்வேன்.

மாக்கில் எனக்கு நேரம் போதவில்லை. கடைசிப் பதினைந்து கேள்விகளை வாசிக்காமலே விடை போட்டேன்.

எந்தக் கேள்வி நேரத்தைத் தின்றது என்று பாருங்கள். பொதுவாக ஐந்தாறு கேள்விகளில் தலா நான்கு நிமிடம் போயிருக்கும். நான் முப்பது கேள்விக்கு 45 நிமிடம் என்று மூன்று இடங்களில் மட்டும் கடிகாரத்தைப் பார்க்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் பார்த்தால் கவனம் சிதறுகிறது. இரண்டு நிமிடம் ஆகியும் வழி தெரியாவிட்டால், ஒரு விடையைத் தட்டிவிட்டு, கொடி போட்டு நகர்வேன். வெறுமையாக விட்டு நகராதீர்கள். திரும்பி வர நேரம் இல்லாமல் போனாலும் மூன்றில் ஒன்று என்ற வாய்ப்பாவது மிஞ்சும்.

கொடி போட்ட கேள்விக்குத் திரும்பும்போது ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு காரணம் தெரிந்தால் மட்டுமே விடையை மாற்றுவேன். சும்மா உறுத்துகிறது என்று மாற்ற மாட்டேன்.

கடைசி வாரத்தில் என்ன செய்வீர்கள்?

மூன்றாவது மாக்கை அலசி முடித்த பிறகு புதுக் கேள்வி எதையும் தொடப் போவதில்லை. தவறு நோட்டு, ஒரு தாள் ஃபார்முலா, எத்திக்ஸ் விதிகள், இவை மட்டும். நோட்டில் ஒரே பிழை மூன்றுக்கு மேல் வந்த இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறேன், இப்போதைக்குப் பதினேழு இருக்கின்றன. அதை நாளுக்கு நான்காகப் பார்ப்பேன்.

பிராக்டிகல் ஸ்கில்ஸ் மாட்யூலை முடித்துவிட்டீர்களா என்று இப்போதே பாருங்கள். முதல் நிலைக்கு அதில் ஒன்றை முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் தேர்வு முடிவைத் தர மாட்டார்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளினால் படிக்கிற நேரம்தான் போகும்.

கால்குலேட்டர் விஷயத்தில் பி.ஏ. டூ பிளஸ், ஹெச்.பி. 12சி இரண்டு வகைக்கு மட்டுமே அனுமதி. முந்தின நாள் நான் புது பேட்டரி போடப் போவதில்லை, ஒரு வாரம் முன்பே போட்டுவிடுவேன். பேட்டரியை மாற்றினால் நாம் வைத்திருந்த அமைப்புகள் அழிந்துபோகலாம். மாற்றிய பிறகு 2nd P/Y அழுத்தி 1 என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். 2nd FORMAT-இல் நான்கு தசமம் வைக்க வேண்டும். BGN என்ற எழுத்து திரையில் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அப்புறம் அந்தப் பழைய பாண்டு கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பேன். 92.0146 வந்தால் கால்குலேட்டரைப் பையில் வைத்துவிடுவேன்.